பின்பக்கம் (அனிமேஷன் குறும்படம், ஏழு நிமிஷம், கதை ட்ரீட்மென்ட்)

மக்களே, போன வாரம் வாயால சொன்ன கதையை இப்போ முழுசா எழுதிட்டேன், படிச்சிட்டு ஸ்டோரிபோர்டுல கை வைங்க. டயலாக் ரொம்ப கம்மி, பேசுற இடத்துல நம்ம நாஞ்சில்நாட்டு பேச்சு தான், டப்பிங்குக்கு வர்றவங்க அதை மெட்ராஸ் தமிழா மாத்திட வேண்டாம்.

ஒரு வரியில கதை: எல்லாரும் முன்னாடி நின்னு பாக்குற மயிலை ஒரு காக்கா மட்டும் எப்பவும் பின்னாடி இருந்தே பாத்துட்டு இருக்கு.

இடம் தோவாளை. பின்னணியில தாடகை மலை, ஒரு பொம்பளை மல்லாந்து படுத்திருக்க மாதிரி. அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல் காத்தாடி வரிசை. இந்தப் பக்கம் வயலு, தென்னந்தோப்பு, ஒரு பழைய களம். களத்துக்கு பின்னால கரண்ட் கம்பம், அதுதான் காக்காவோட இடம். கம்பம் எங்க நிக்குதுன்னு முதல்லயே முடிவு பண்ணிருங்க, ஏன்னா மொத்த கதையும் அந்த ஆங்கிள்ல தான் நிக்குது.

காக்கா பேரு கறுப்பி. ஊர்க்காக்கா, கழுத்து சாம்பல் கலர், அண்டங்காக்கை மாதிரி முழுக்கறுப்பா வரைஞ்சிராதீங்க. மயிலு பேரு ராசா, அவனே வச்சுக்கிட்ட பேரு.

விடியக்காலைல பூச்சந்தையில ஆரம்பிக்கோம். பிச்சி, அரளி, கொழுந்து, மூட்டை மூட்டையா இறங்குது, இன்னும் வெளிச்சம் வரல, டியூப்லைட் தான். ஆளுங்க காலுக்கு நடுவுல கறுப்பி நடக்கா, ஒருத்தன் கையை ஓங்குறான், நகர்றா, இன்னொருத்தன் தண்ணி தெளிக்கான், நகர்றா, கோவமெல்லாம் இல்ல, பழக்கம். டீக்கடை வாசல்ல கிடந்த காய்ஞ்ச வடையை தூக்கிட்டு போய் குழாயடி தொட்டித் தண்ணில முக்கி முக்கி ஊறவச்சு திங்கா. இந்த வடை ஷாட்டுக்கு பதினஞ்சு செகண்டு குடுங்க, குறைக்க வேண்டாம், அவ புத்திசாலின்னு நாம தனியா சொல்லவே வேண்டியதில்ல. அப்புறம் கட்டுக்கம்பி துண்டு ஒண்ணை அலகால வளைச்சு கூட்டுல சொருகுறா. (குயில் முட்டை விஷயத்தை யாரும் இழுக்காதீங்க, அது வேற படம்.)

அடுத்து களம். ராசா தோகையை விரிக்கான். பள்ளிக்கூடம் போற பிள்ளைகள், பைக்ல போறவங்க, எல்லாரும் நின்னு போனை எடுக்காங்க. அவங்க பக்கம் இருந்து பாத்தா நீலம், பச்சை, நூத்துக்கணக்குல கண்ணு. கட். கம்பத்து மேல இருந்து கறுப்பி பாக்குறது: ஒரு தவிட்டு கலர் பின்பக்கம், அழுக்கு வெள்ளையா தோகையோட ஈர்க்கு, கீழ குட்டையா நிஜ வாலு. அந்த வாலு சிறகு இருபதும் நிமிந்து நின்னு முட்டுக்குடுத்தா தான் தோகையே நிக்கும், இது நெசம், நாங்க எங்க வயல்ல வர்ற மயிலை பின்னாடி போய் நின்னு பாத்தோம். அனிமேட்டர் தம்பி, அந்த இருபதும் நடுங்குறது தெரியணும். பாரம் தூக்குறவன் கை நடுங்குற மாதிரி.

கறுப்பி ஒரு வார்த்தை சொல்லுகா: "வேய் மயிலாரே, வாலு கடுக்கலையா?"

ராசா திரும்பியே பாக்கல.

ஆடி வந்தாச்சு. கணவாய்ல இருந்து காத்து அள்ளிக்கிட்டு வருது, தென்னை எல்லாம் ஒரே பக்கமா தலை சாய்ஞ்சு நிக்கு, காத்தாடி சத்தம் தான் இங்க மியூசிக், வேற எதுவும் வேண்டாம். கூட்டம் நிக்குதேன்னு ராசா அந்த காத்துலயும் விரிக்கான், தோகை பாய்மரம் மாதிரி பிடிச்சுக்கிட்டு அவனை அப்படியே உருட்டிட்டு போய் முள்வேலில சொருகிருது. கூட்டம் சிரிச்சுட்டு கலையுது. கம்பி வேலை தெரிஞ்ச ஆளு ஊருல ஒருத்தி தான். கறுப்பி இறங்கி ஒவ்வொரு முள்ளா அலகால விலக்குறா, நேரம் ஆகுது, இருட்டுது. கடைசில ரெண்டு சிறகு பிஞ்சு வருது.

"ரெண்டு போச்சே பிள்ளே!"

அவன் சொன்னது அவ்வளவு தான். நன்றி கிடையாது. அவளும் எதிர்பாக்கல, கம்பத்துக்கு போயிட்டா.

ஆடி அமாவாசை. படத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. ஒரு ஓட்டு வீட்டு மதில்ல ஆச்சி ஒருத்தி வாழையிலை கீறுல சோறு, பருப்பு, எள்ளு வச்சு "கா... கா..."ன்னு கூப்பிடுகா. ஊரு முழுக்க அதே குரல். தினமும் விரட்டுற அதே கை இன்னைக்கு கும்பிடுது. கறுப்பி வேற மதில்ல பிஸி. ராசா பாக்கான், தாங்கல, நேரா ஆச்சி மதில்ல ஏறி சோத்தை கொத்திருதான். ஆச்சி பதறிப்போய்: "அய்யோ, மயிலு தின்னா அவருக்கு போய் சேருமா?" விரட்டவும் மனசு வரல, முருகன் வாகனம் ஆச்சே, கையை பிசையுறா. வீட்டுக்குள்ள சுவத்துல ஆச்சியோட வீட்டுக்காரர் போட்டோ, மாலை போட்டது, ஒரு செகண்டு காட்டுனா போதும். கறுப்பி வந்து உக்காந்து ஒரு பருக்கை எடுக்கா. ஆச்சி முகம் தெளியுது. ராசா தலை மெதுவா கீழ இறங்குது. காமெடியா ஆரம்பிச்சு காமெடி இல்லாம முடியணும், ஆச்சிக்கு குரல் குடுக்குறவங்க கையில தான் இருக்கு.

அப்புறம் நாள் வேகமா ஓடட்டும். ஆவணி, புரட்டாசி, தோகை உதிருது. நடக்கும்போது ஒண்ணு, தாவும்போது ஒண்ணு. பிள்ளைகள் பொறுக்கி நோட்டுக்குள்ள வைக்காங்க. ராசா உண்ணிச்செடி புதருக்குள்ள ஒளிஞ்சிருக்கான், களத்துல யாரும் நிக்கல. கறுப்பி புதர் வாசல்ல கிடந்த ஒரு சிறகை எடுத்து புரட்டுறா. ஒரு பக்கம் நீலக்கண்ணு. மறுபக்கம் தவிடு. திரும்ப புரட்டுறா. அவ சாம்பல் கழுத்து பக்கத்துல அந்த தவிட்டு கலர் வச்ச மாதிரி க்ளோசப். கூட்டுக்கு கொண்டு போகல, வச்ச இடத்துலயே வச்சிருதா.

ஐப்பசி மழை. எங்களுக்கு ரெண்டு மழையும் உண்டு, அதனால கொட்டுறதுன்னா கொட்டும். புதருக்குள்ள தண்ணி ஏறுது, ராசா வெளிய வந்து இறக்கையை அடிக்கான், தோகை இல்லாததால பாரமில்லாம ஒரே வீச்சுல தென்னை உசரம். அவனுக்கே ஆச்சரியம். கறுப்பி உக்காந்திருக்க மட்டையிலயே போய் உக்காருதான். ரெண்டு நனைஞ்ச பறவை. மழை இருட்டுல எது எதுன்னு பிரிச்சு பாக்க முடியல. பேச்சு இல்ல. முப்பது செகண்டு மழைச்சத்தம் மட்டும், எடிட்டர் போரடிக்குன்னு சொல்லுவாரு, நான் சண்டை போடத் தயார்.

கடைசி சீன். அடுத்த வருஷம் வைகாசி. அதே களம், அதே கூட்டம், அதே போன். தோகை முழுசா வளந்திருக்கு. ராசா விரிக்கான், மெதுவா காலை மாத்தி மாத்தி வச்சு திரும்புதான். கூட்டத்துக்கு முதுகு. "ச்சே, இந்தப் பக்கம் திரும்பு"ன்னு ஒரு பையன் கத்துறான். இப்போ தான் முதல் தடவையா கம்பத்து ஆங்கிள்ல இருந்து அந்த நீலம் முழுசும் திரையில வருது.

கறுப்பி பாக்கா. வாயில கட்டுக்கம்பி. கம்பி நழுவி கீழ விழுது, "டிங்". எடுக்க இறங்கல.

பிளாக்.