மாமாவுக்கு, மஹியாவையிலிருந்து

மஹியாவ, கண்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய வொய்ஸை நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். "ஒரு மூலை போதும் பிள்ள, பாய விரிச்சிக்கிறோம்" என்று சொல்கிறீர்களே, அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிடுவேன். மூன்று நாளாகப் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்கள் குரலைக் கேட்டதும் சரியென்று சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் எழுதி அனுப்புகிறேன். பக்கத்து வீட்டு அக்கா செவ்வாய்க்கிழமை மஸ்கெலியாவுக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

மாமா, ஆஸ்பத்திரியில் கதிர் வைத்தியம் எடுக்கும் ஆறு கிழமையும் எங்கள் வீட்டில் உங்களையும் அத்தையையும் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. சுற்றிவளைத்துச் சொன்னால், "பிறகு பார்ப்போம் என்கிறாள் போல" என்று எண்ணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார் என்று எழுதலாமா என்று யோசித்தேன். இவரும் அப்படியே எழுதச் சொன்னார். ஆனால் வீட்டுக்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு நீங்கள் அவரையே வழியில் பார்த்துக் கும்பிட்டு, "ரெண்டு கிழமையாவது" என்று கேட்டுவிட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

நீங்கள் கடைசியாக வந்தபோது என் மாமியார் நடந்துகொண்டிருந்தார். பாரிசவாதம் வந்த பிறகு முன்னறையில்தான் கட்டில். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பிக் கூப்பிடுவார், சில நாள் தோட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பெரட்டுக்கு நேரமாச்சு என்று சத்தம் போடுவார். இவர் பேக்கரி வேலைக்கு இரவு இரண்டு மணிக்குப் போய் பகல் பதினொன்றுக்கு வந்து படுப்பார். உள்ளறையில் பகலில் இவர், இரவில் நானும் சின்னவனும். பெரியவளுக்கு இந்த வருடம் ஓ.எல்., குசினி மேசையில் பதினொன்று பன்னிரண்டு வரை படித்துவிட்டு அதற்குக் கீழேயே பாயைப் போட்டுக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு தையல் டேப்பை எடுத்து முன்னறையை அளந்தேன், மாமா. கட்டில் காலுக்கும் சுவருக்கும் இடையில் நாலடி ஐந்து அங்குலம். அதிலும் கதவு உள்பக்கம் திறக்கும்போது ஒன்றரை அடி போய்விடும். இரண்டு பாயை விரித்தும் பார்த்தேன், ஒன்று கட்டிலுக்கு அடியில்தான் போனது.

கக்கூஸ் கீழே. பதினாலு படி இறங்கி, வீட்டுக்காரர் ஆட்களோடு சேர்ந்துதான் பாவிக்கிறோம். மழை நாளில் அந்தப் படியில் நானே கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவேன்.

லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஏழு பேர் இருந்தோமே, இது என்ன பெரிய விஷயம் என்று அத்தை கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே இஸ்தோப்பு இருந்தது, வெளியே இறங்கினால் வாசல் இருந்தது, நமக்கு நோயும் இல்லை. நீங்கள் வரப்போவது கலியாண வீட்டுக்கு இல்லையே மாமா.

ஆஸ்பத்திரியில் உங்களோடு வந்த அன்று, நீங்கள் முகத்துக்கு வலை மாதிரி அச்சு எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், நான் மிஸ்ஸிடம் கேட்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கரண்ட் வைப்பார்கள், உங்களுக்கு மொத்தம் முப்பது தடவை. படுக்க வைத்து எடுக்க கொஞ்ச நேரம்தான் போகும், வலிக்காது. முதல் இரண்டு கிழமை பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், விழுங்க முடியாது, உடம்பு அசந்துபோகும். அந்த நேரத்தில் நல்ல தூக்கமும் குழைந்த சாப்பாடும் வேண்டும் என்றார். இடையில் நாள் விடக்கூடாது, விட்டால் வைத்தியத்தின் பலன் குறையும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். என் வீட்டில் எது நடந்தாலும் நடக்கும், தூக்கம் மட்டும் நடக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. இவருடைய பெரியம்மா கண் ஆபரேஷனுக்கு வந்து பத்து நாள் என்றது இரண்டு மாதமானது உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு தேத்தண்ணிப் பேச்சில் முறிந்து, இன்றைக்கும் அவர்கள் எங்களோடு பேசுவதில்லை. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. களைத்துப்போய் முகத்தைச் சுளித்தது நான்தான். உங்களிடம் அப்படி ஒரு முகத்தைக் காட்டிவிட்டு நான் உயிரோடு இருப்பதில் என்ன இருக்கிறது? ஏ.எல். படிக்க என்னை முதன்முதலாகக் கண்டிக்குக் கூட்டிவந்தது நீங்கள். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு குட்ஷெட் ஸ்டாண்டிலிருந்து போர்டிங் வரை நடந்தீர்கள், பஸ்ஸுக்குக் கொடுத்தால் திரும்பிப் போகக் காசு பத்தாது என்று. அது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டேன்.

சரி, இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

தினமும் வந்து போவது சரிவராது. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வந்து சேர ஒரு பக்கத்துக்கே நாலு மணித்தியாலம். முதல் கிழமையே படுத்துவிடுவீர்கள். முல்கம்பொலவில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா தனியாக இருக்கிறார், எங்கள் கடைக்குச் சேலை வாங்க வருபவர். அவர் வீட்டின் கீழ்ப்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டில், உள்ளேயே கக்கூஸ், ஒற்றை அடுப்பு வைத்துச் சமைக்க ஒரு திட்டு. படி ஏற வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். என் வீட்டிலிருந்து என்றால் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு ஒரு பஸ், பிறகு பேராதனைப் பக்கம் போகும் இன்னொரு பஸ் என்று மாற வேண்டும். சுவரில் கொஞ்சம் ஈரக்கசிவு இருக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீச்சரம்மா சிங்களவர், ஆனால் ஹட்டனில் படிப்பித்தவர், நம் பேச்சு நன்றாகத் தெரியும். அத்தைக்குப் பேச்சுத்துணையும் ஆயிற்று.

மாதம் பதினெட்டாயிரம் கேட்டார். ஆறு கிழமைக்கு இருபத்தேழாயிரம். போன மாதம் எனக்குச் சீட்டு விழுந்தது, அதில் பதினெட்டாயிரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சம் ஒன்பதாயிரத்தைத் தம்பி கொழும்பிலிருந்து போடுவதாகச் சொல்லிவிட்டான். அவனிடம் நான்தான் பேசினேன், உங்களிடம் கேட்காமல் பேசியதற்குக் கோபிக்காதீர்கள். ஈ.பி.எஃப். காசில் கைவைக்க வேண்டாம். கரண்ட் வைப்பதற்கு ஆஸ்பத்திரியில் காசில்லை, ஆனால் பால்மாவும் முட்டையும் பஸ்ஸும் ஆறு கிழமைக்கு இழுக்கும். அது அதற்குத்தான்.

அறை பிடிக்கவில்லையென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. தூரத்திலிருந்து வருகிறவர் என்று டொக்டரிடம் சொல்லி வார்டில் கட்டில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்குமா என்பது கட்டில் காலியாவதைப் பொறுத்தது, அதையே நம்பி இருக்க முடியாது. கிடைத்தாலும் அத்தை எங்கே இருப்பார் என்ற கேள்வி வரும். எனக்கு டீச்சரம்மா அறைதான் நல்லதாகப் படுகிறது.

முதல் திங்கட்கிழமைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவேன். தினமும் வருவேன் என்று பொய் சொல்லமாட்டேன். செவ்வாயும் வியாழனும் கடை விட்டதும் ஆறரைக்குள் இரவுச் சாப்பாட்டோடு வந்துவிடுவேன். கஞ்சியா, பருப்புக் கடைந்த சோறா என்று அன்றன்றைக்கு அத்தை போனில் சொன்னால் போதும், உறைப்பில்லாமல் செய்து வருவேன். வெள்ளிக்கிழமை அலுவல் முடிந்ததும் தோட்டத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம், அதுவும் முதல் இரண்டு கிழமை மட்டும். அதற்குப் பிறகு சனி ஞாயிறும் அறையிலேயே படுத்திருங்கள். உடம்பு இடம் கொடுக்கிற ஒரு ஞாயிறு பகல் எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள், த்ரீவீலர் பிடித்து நானே கூட்டிவருவேன். மாமியாரும் உங்களைக் கேட்டபடியேதான் இருக்கிறார், நீங்கள்தான் கொழுந்து நிறுக்க வருவதாக அவருக்கு நினைப்பு.

லயத்தில் யாராவது "மருமக வீட்டுல சேர்க்கலியா" என்று கேட்பார்கள். கேட்காமல் விடமாட்டார்கள். ஆமாம், இடமில்லை என்று சொல்லிவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை பார்த்துத் தந்தாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற வேறு கதை கட்ட வேண்டாம்.

உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கோபத்தில் வைத்தியத்துக்கே போகமாட்டேன் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். டீச்சரம்மாவுக்கு அடுத்த ஞாயிறுக்குள் சொல்ல வேண்டும். சரி என்றால் அத்தையை ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கச் சொல்லுங்கள், அட்வான்ஸை நான் கட்டிவிடுகிறேன்.

வரும்போது கிளினிக் கொப்பியையும் பல் டொக்டர் கொடுத்த துண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வாருங்கள். போன தடவை ஹட்டன் மழையில் எழுத்தெல்லாம் கலைந்துபோயிற்று. கழுத்தை உரசாத சட்டை இரண்டு போதும். வெற்றிலைப் பையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும், இதில் அத்தைக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறேன். கினிகத்தேனை வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும், கையில் ஒரு தேசிக்காய் கொடுத்து ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

உங்கள் மருமகள்,
செல்வி