2x² + 5x + 1 ≡ 0 (mod 13): தீர்வும் தீர்வுகளின் எண்ணிக்கையும்

கணக்கு இதுதான்: 2x² + 5x + 1 ஐ 13 மீதியின்றி வகுக்கும்படியான x எவை? 1 முதல் 100 வரை அப்படிப்பட்ட முழு எண்கள் எத்தனை?

வீட்டுப்பாடமாகக் கொடுத்தபோது பலர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். தன்மைகாட்டி 25 − 8 = 17; 17 முழு வர்க்கம் அல்ல; ஆகவே தீர்வு இல்லை. கையெழுத்து அழகாக இருந்தது, விடை தவறு. முழு எண்களில் வேர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே நாம் கேட்பது 13 ஆல் வகுக்கும்போது வரும் மீதியைப் பற்றி மட்டுமே. அந்த உலகில் 17 என்பது 4. 4 முழு வர்க்கம்.

சூத்திரத்தை ஒதுக்கிவைத்து, சோதித்தே பார்ப்போம். x க்குப் பதில் x + 13 ஐ இட்டாலும் மீதி மாறாது. எனவே 0 முதல் 12 வரை பதின்மூன்று மதிப்புகள் போதும். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டியதில்லை. கோவையை f(x) என்றால்,

f(x + 1) − f(x) = 4x + 7

f(0) = 1 இல் தொடங்கி 7, 11, 15, 19, … என்று நான்கு நான்காக வளரும் எண்களைக் கூட்டிக்கொண்டே போய், 13 ஐத் தாண்டும்போதெல்லாம் கழித்துவிடலாம்.

```
x    : 0  1  2  3  4  5  6  7  8  9  10 11 12
f(x) : 1  8  6  8  1  11 12 4  0  0  4  12 11
```

இன்னும் ஓர் அடி வைத்தால் 11 + 55 = 66, மீதி 1. அது f(13), f(0) வும் 1 தான். வட்டம் சரியாக மூடிக்கொண்டது, வழியில் கூட்டல் பிழை நேரவில்லை என்று ஓரளவு நம்பலாம். நேரடியாகவும் பார்க்கலாம்: f(8) = 128 + 40 + 1 = 169 = 13 × 13; f(9) = 162 + 45 + 1 = 208 = 13 × 16.

ஆக, x ≡ 8 அல்லது x ≡ 9 (mod 13).

1 முதல் 100 வரை 8, 21, 34, …, 99 என எட்டு. 9, 22, 35, …, 100 என எட்டு. மொத்தம் 16. அந்த 100 ஐத் தவறவிட்டு 15 என்று எழுதுபவர்கள் எப்போதும் உண்டு.

அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். x = 2 இல் உள்ள 6 தனியாக நிற்கிறது. அதற்கு இருபுறமும் 8, 8, பிறகு 1, 1, வட்டமாகச் சுற்றினால் 11, 11 (5 உம் 12 உம்), இப்படியே போகிறது. கூட்டினால் 4 மீதி வரும் இரண்டு x களுக்கு f ஒன்றே. இது முன்பே தெரிந்திருந்தால் ஏழு மதிப்புகளோடு வேலை முடிந்திருக்கும்.

எண்ணிக்கையும் இதிலேயே கிடைக்கிறது. f(x) ≡ k என்று கேட்டால், k = 6 க்கு ஒரே தீர்வு. k = 0, 1, 4, 8, 11, 12 ஆகிய ஆறுக்கும் இரண்டிரண்டு. 2, 3, 5, 7, 9, 10 ஆகியவை அட்டவணையில் தலைகாட்டவே இல்லை. அவற்றுக்குத் தீர்வு இல்லை. 1 + 6 × 2 = 13, கணக்கு நேராகிறது.

ஏன் இரண்டுக்கு மேல் வரவில்லை? r ஒரு தீர்வு என்றால் f(x) − f(r) = (x − r)(2x + 2r + 5). 13 பகா எண் என்பதால், பெருக்கற்பலனை அது வகுத்தால் இரண்டு காரணிகளில் ஒன்றையாவது வகுத்தே தீர வேண்டும். ஒவ்வொரு காரணியும் ஒரே ஒரு x ஐத்தான் தரும். பகு எண்ணில் இந்த வாதம் நொறுங்கிவிடும்: x² ≡ 1 (mod 8) க்கு 1, 3, 5, 7 என நான்கு தீர்வுகள்.

இப்போது தன்மைகாட்டியிடம் திரும்பலாம். இருபுறமும் 8 ஆல் பெருக்கினால் (4x + 5)² ≡ 17 ≡ 4 (mod 13). எனவே 4x + 5 ≡ 2 அல்லது −2. 4 இன் பெருக்கல் நேர்மாறு 10 (40 = 39 + 1) என்பதால் x ≡ 9, x ≡ 8. அதே விடை.

இதே கோவையை வேறு பகா எண்களில் வைத்தால் சுவாரசியம் கூடுகிறது. 11 இல் 17 ≡ 6. அங்கே வர்க்கங்களின் மீதிகள் 0, 1, 3, 4, 5, 9 மட்டுமே, ஆகவே தீர்வே இல்லை. 17 இல் தன்மைகாட்டி 0; x ≡ 3 என்ற ஒரே தீர்வு, f(3) = 34. 2 ஐ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்: அங்கே 2x² மறைந்து, மிஞ்சுவது x + 1 ≡ 0 என்ற ஒருபடிச் சமன்பாடுதான்.