தரிசு, உழவு, பாசனம், மகசூல்: வேளாண் பாடம் படிக்கும் நகரத்து மாணவருக்கு

வேளாண்மை பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் உங்கள் கண்ணில் படலாம்: “கோடை உழவு இல்லாததாலும் பாசன வசதி குறைந்ததாலும் நடப்புத் தரிசு கூடியது, மானாவாரி நிலக்கடலையின் மகசூல் சரிந்தது.” அகராதியைப் புரட்டினால் தரிசு என்றால் பயிரிடாத நிலம், மகசூல் என்றால் விளைச்சல் என்று போட்டிருக்கும். அது தவறில்லை, ஆனால் வாக்கியம் புரிய அது போதாது. சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துக் காடுகளை வைத்துப் பார்த்தால் இந்தச் சொற்கள் எளிதில் பிடிபடும். முதலில் ஒன்று: எங்கள் பக்கம் ‘காடு’ என்றால் மரமடர்ந்த வனம் இல்லை, மழையை நம்பிய மேட்டு நிலம், அதாவது மானாவாரி. கிணறு இருந்தால் அது ‘தோட்டம்’.

தரிசில் பல வகை உண்டு. புள்ளிவிவரக் கணக்கில் ஓராண்டுக்குள் பயிர் இல்லாமல் கிடப்பது நடப்புத் தரிசு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கிடந்தால் இதர தரிசு. அதற்கும் மேல் போனால் சாகுபடிக்கு ஏற்ற தரிசு என்ற கணக்கில் சேர்ந்துவிடும். இந்த ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓடும் பசலி ஆண்டு அது. வருவாய்த்துறைப் பதிவில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அது அரசு நிலத்தின் ஒரு வகை. ஒருவர் தம் நிலத்தை இந்த ஆண்டு பயிரிடாமல் விட்டார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிலத்தைச் சும்மா போடுவது எல்லா நேரமும் சோம்பலோ நட்டமோ அல்ல. பத்து மாதம் நின்ற மரவள்ளி மண்ணின் சத்தை நன்றாக உறிஞ்சியிருக்கும். கிழங்கு பிடுங்கிய பின் ஒரு பருவம் ஆறப்போட்டு, மழை கிடைத்ததும் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் மண் தேறும். ஆனால் ஆறப்போடுவது வேறு, கைவிடுவது வேறு. பார்த்தீனியம் போன்ற களைகள் விதை உதிர்க்கும் முன் ஓர் உழவாவது போடாவிட்டால், அடுத்த பயிருக்குச் சேர வேண்டிய ஈரத்தைக் களை குடித்துவிடும். கிணறு வற்றியது, ஆள் கிடைக்காதது, நிலத்தை மனைக்கு விற்கக் காத்திருப்பது ஆகியவையும் தரிசுக்குக் காரணங்கள். ‘தரிசு கூடியது’ என்று படித்ததும் இவற்றில் எது என்று கேளுங்கள்.

உழவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மண்ணைப் புரட்டுவது மட்டும் உழவு என்றுதான் நகரத்தில் பலரும் நினைக்கிறார்கள். மழைநீருக்கு வழி திறப்பதும் அதே உழவுதான். சித்திரை, வைகாசியில் ஒரு மழை பெய்தவுடன் சரிவுக்குக் குறுக்கே போடுவது கோடை உழவு. அடுத்த மழை ஓடாமல், கலப்பை கீறிய சாலில் நின்று இறங்கும். மண்ணுக்குள் இருக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவைகளாலும் அழியும். நிலக்கடலைக்கு இந்தப் புழு பெரிய எதிரி. இறக்கத்தின் போக்கிலேயே டிராக்டரை ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஓடையாகி மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும்.

எப்போது உழுவது? ஒரு சாண் ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். அதுதான் பதம். உருண்டை அப்படியே நசுங்கினால் ஈரம் அதிகம். உழுதால் கலப்பையின் கொழு பட்ட இடம் மெழுகியதுபோல் ஆகி, காய்ந்ததும் கல்லாகும். உருண்டையே பிடிபடாவிட்டால் ஈரம் போதாது. கட்டி கட்டியாகப் பெயரும்.

கருவியும் முக்கியம். சட்டிக் கலப்பை கட்டாந்தரையைப் பிளந்து புரட்டும். ஒன்பது கொத்துக் கலப்பை கட்டியை உடைத்துக் கிளறும். ரொட்டவேட்டர் மேல் மண்ணைத் தூளாக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று வருடா வருடம் ரொட்டவேட்டர் மட்டுமே ஓட்டினால், அரையடிக்குக் கீழே தட்டுப்போல் ஒரு கடினப்படலம் உருவாகும். தண்ணீர் அதில் முட்டி நிற்கும், மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்காமல் கோணிக்கொள்ளும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டினால் அந்தத் தட்டு உடையும். ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சில்லை.

எல்லா நிலத்தையும் உழவும் கூடாது. சேர்வராயன் மலைச் சரிவில் காப்பித் தோட்டத்தில் யாரும் டிராக்டர் இறக்குவதில்லை. சில்வர் ஓக் நிழலில், உதிர்ந்த இலை மூடாக்காகக் கிடக்க, களையை அறுத்து அங்கேயே விடுவார்கள். அந்தச் சரிவில் மண்ணை உடைத்தால் ஐப்பசி மழையில் மிஞ்சாது.

பாசனத்தை லிட்டரில் நினைத்துப் பழகுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். வாய்க்காலில் விட்டு, மடை மாற்றி மாற்றி ஐந்து செ.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 20,000 லிட்டர் தரும் கிணற்று மோட்டாருக்கு அது பத்து மணி நேர வேலை. அவ்வளவு நேரம் கிணற்றில் தண்ணீர் நிற்க வேண்டுமே! மேட்டூர் அணை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் கிணறும் ஆழ்துளையும் மழையும்தான் கதி.

அதனால்தான் சொட்டுநீர். குழாய் வரிசைகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர், சொட்டுவானுக்குச் சொட்டுவான் 60 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,500 சொட்டுவான்கள். ஒவ்வொன்றும் மணிக்கு நான்கு லிட்டர் விட்டால் மொத்தம் 18,000 லிட்டர். மோட்டார் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் வால்வு வைத்து நிலத்தை இரண்டு பாகமாகப் பிரித்து விடுவார்கள். வடிகட்டியைக் கழுவாமல் விட்டாலோ, உப்புத் தண்ணீரானாலோ சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். வரிசையின் கடைசிச் செடிதான் முதலில் வாடும். சோதிப்பதென்றால் கடைசிச் சொட்டுவானுக்குக் கீழே குவளை வைத்துப் பாருங்கள்.

‘உயிர்த் தண்ணீர்’ என்ற சொல்லையும் கேட்பீர்கள். நட்ட மூன்றாம் நாள் விடும் தண்ணீர் அது. காப்பிக்கு வேண்டியது பங்குனி, சித்திரையில் பெய்யும் பூ மழை. அது பொய்த்தால் தெளிப்பான் போட்டாவது நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு விரியாது.

மகசூல் என்பது மொத்த உற்பத்தி அல்ல. ஒரு குறிப்பிட்ட பரப்பில் கிடைப்பது. அது ஏக்கரா எக்டேரா என்று முதலில் பாருங்கள். ஓர் எக்டேர் 2.47 ஏக்கர். பயிர் அறுவடைப் பரிசோதனையில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டி அறுத்து எடை போடுவார்கள். அந்தக் கட்டத்தில் 12 கிலோ நெல் வந்தால், அதை 400 ஆல் பெருக்க எக்டேருக்கு 4,800 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 1,940 கிலோ. இது நெல் கணக்கு, அரிசி கணக்கு அல்ல. காப்பியிலும் பழமா கொட்டையா என்று கேளுங்கள்: ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும்.

மரவள்ளியில் எடை மட்டும் பேசாது. ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தைப் புள்ளிக் கணக்கில் பார்த்து விலை போடுவார்கள். ஒருவர் ஏக்கருக்கு 14 டன் எடுத்து 23 புள்ளி வந்தால், இரண்டையும் பெருக்க 322. இன்னொருவர் 12 டன்னே எடுத்து 28 புள்ளி வந்தால் 336. குறைவாக விளைந்தவருக்குத்தான் அதிகப் பணம். அறுவடைக்கு முன் நல்ல மழை பெய்து செடி மறுபடி துளிர்த்தால், கிழங்கின் மாவைத் துளிர் எடுத்துக்கொண்டு புள்ளி இறங்கும். மகசூல் அட்டவணையில் அந்த இறக்கம் தெரியாது.