வெளிர் ரோஜா நிறம்: பிளஸ் டூ மாணவர்களுக்கான உரை

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களிடம் பேச ஓர் உரை எழுதி வைத்திருந்தேன். சிகரம், சிறகு, விடாமுயற்சி என்று நன்றாகத்தான் இருந்தது. நேற்று இரவு சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரிகூட எனக்கு நடந்ததில்லை. அதனால் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ வேதியியல் செய்முறை, மாதிரித் தேர்வு. குடுவையில் ஆக்ஸாலிக் அமிலம், பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, இரண்டு சொட்டு பினால்ப்தலீன். நிறமில்லாத கரைசல் வெளிர் ரோஜாவாக மாறி அப்படியே நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. குழாயை மூடுவதற்குள் குடுவை முழுக்க அடர்ந்த ரோஜா நிறம். மறுபடி செய்தேன், மறுபடியும் தாண்டியது.

பக்கத்து மேசைத் தோழியின் நோட்டில் 18.4 என்று இருந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் என் தாளைப் பார்த்துவிட்டு, "உன் பாட்டில் நம்பர் ஏழு, அவளோடது பன்னிரண்டு. ரெண்டு அமிலத்தோட செறிவும் வேற. ரீடிங் மட்டும் எப்படிம்மா ஒண்ணா வந்துச்சு?" என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் காது அடைத்துப் போனது. அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டார். அதை அவர் பிறகு மாற்றவும் இல்லை.

மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும் முன் என்னைக் கூப்பிட்டார். "தாண்டிப் போன ரீடிங் எவ்வளவு?"

"23 இருக்கும், டீச்சர்."

"அப்போ 21 வரைக்கும் வேகமா விடு. அதுக்கப்புறம் சொட்டுச் சொட்டா."

குனிந்து, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றினேன். 22.3. அடுத்த முறையும் 22.3. வீணாகிவிட்டது என்று நான் கொட்டிய அந்த 23தான், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று எனக்குக் காட்டியது. அதை மறைக்காமல் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும், சுழியம் வந்திருக்காது. இந்த எண்ணம் எனக்கு வெகுநாள் உறுத்தியது.

இன்று குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிப்பதும் இதே வேலைதான். அங்கே ஒயின் சிவப்பு நீலமாக மாறும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சில நாள் தாண்டிப் போகிறது. 'தாண்டியது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கிறேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்குத் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. நான் இன்று நான்கு மணி வரை உங்கள் ஆய்வகத்தில்தான் இருப்பேன். பியூரெட்டைப் பிடிக்கக் கை நடுங்குகிறவர்கள் வாருங்கள், சேர்ந்து செய்து பார்ப்போம். நன்றி.