கோவையிலிருந்து உங்கள் கிரைண்டர் வந்துவிட்டது: எப்போது கொண்டு வரலாம் என்று சொல்லுங்கள் அம்மா

வணக்கம் அம்மா. தண்டையார்பேட்டை கூரியர் கிளையிலிருந்து எழுதுகிறோம். கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய பார்சல் இன்று காலை மாதவரம் கிடங்கிலிருந்து எங்கள் கிளைக்கு வந்து சேர்ந்தது. பார்சல் எண் 48213. ஒரே பெட்டி, 12 கிலோ, டேபிள் டாப் கிரைண்டர். பணம் எல்லாம் அனுப்பும்போதே கட்டியாகிவிட்டது. நீங்கள் யாரிடமும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

கீழே இருப்பதில் உங்களுக்குத் தோதான நேரத்தின் எண்ணை மட்டும் இந்த எண்ணுக்கு அனுப்பினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

1 – வியாழன் (4-ஆம் தேதி) காலை 7 முதல் 9 வரை
2 – வியாழன் மதியம் 12 முதல் 2.30 வரை
3 – வெள்ளி (5-ஆம் தேதி) காலை 7 முதல் 9 வரை
4 – வெள்ளி மதியம் 1 முதல் 3 வரை
5 – திங்கள் (8-ஆம் தேதி) மாலை 6 முதல் 8 வரை
6 – நானே கிளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்

புதன்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். அன்று தீபம், விளக்கேற்றும் நேரத்தில் போனைத் தேட வேண்டாம் என்றுதான் 5 மணி வைத்தோம். அதற்குள் பதில் வராவிட்டால் நாங்களாகவே 3-ஐ, அதாவது வெள்ளி காலையைப் போட்டுவிடுவோம். அப்படிப் போட்ட பிறகும் முந்தைய நாள் இரவு 8 மணி வரை நேரத்தை மாற்றலாம், காசு கிடையாது.

அவசரம் என்றால் இதுவரை படித்தது போதும். மீதியை நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஆனால் தவறவிட்டால் என்ன ஆகும் என்கிற பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சண்டை எல்லாம் அங்கேதான் வரும்.

எங்களைக் கேட்டால் 1 அல்லது 3 நல்லது. உங்கள் வீடு வடக்கு மாட வீதியிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருக்கிறது. லோடு ஆட்டோ சந்துக்குள் நுழையாது, முனையிலேயே நிறுத்தி, பையன்கள் பெட்டியைத் தோளில் தூக்கி வர வேண்டும். காலையில் சந்தில் பைக்குகள் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. அது மட்டுமில்லை, கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஆதிபுரீஸ்வரர் கவசம் திறக்கிற மூன்று நாளும் தேரடி, சன்னதி தெரு, மாட வீதிகள் எப்படி இருக்கும் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் வடிவுடையம்மனைப் பார்க்க வருகிற கூட்டமும் சேரும். சாயங்காலம் ஆகிவிட்டால் லோடு ஆட்டோ நகரவே நகராது. அதனால்தான் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாலை நேரமே வைக்கவில்லை. மாலைதான் வேண்டும் என்றால் திங்கள்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை உங்கள் பக்கம் வண்டி கிடையாது, ஞாயிறு விடுமுறை.

"7 முதல் 9 வரை" என்றால் 7 மணிக்கே வந்து நிற்போம் என்று அர்த்தமில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வருவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால், நாங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். ஆகவே நிமிடக் கணக்காகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்னால் டிரைவர் போன் செய்வார். குழாய்த் தண்ணீர் பிடிக்கவோ, கடைக்கோ போக வேண்டியிருந்தால் அந்த போன் வந்த பிறகு மட்டும் வீட்டில் இருங்கள். நேரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமில்லை.

"அம்மா போன் எடுக்கக் கொஞ்சம் நேரமாகும்" என்று உங்கள் மகன் புக்கிங் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். டிரைவரிடம் சொல்லிவிட்டோம். உடனே வைத்துவிடாமல் முழு ரிங் போக விடுவார், ஒருமுறை எடுக்காவிட்டால் மறுபடியும் அடிப்பார். இதே செய்தி மகனுடைய எண்ணுக்கும் போயிருக்கிறது. உங்களுக்குப் பதிலாக அவர் எண்ணை அனுப்பினாலும் எங்களுக்குச் சரிதான். இரண்டு பேரும் வேறு வேறு எண் அனுப்பினால், உங்களுடையதைத்தான் எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கப் போவது நீங்கள்தானே.

சரி, இனி தவறவிட்டால் என்ன ஆகும் என்பது.

டிரைவர் கதவைத் தட்டுவார், காலிங் பெல் அடிப்பார், இரண்டு முறை போன் செய்வார், 15 நிமிடம் காத்திருப்பார். அதற்குள் யாரும் வரவில்லை என்றால், உங்கள் வீட்டு எண் தெரிகிற மாதிரி கதவைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிவிட்டு, நேரம் எழுதிய சீட்டு ஒன்றைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். படம் எடுப்பது உங்கள்மேல் சந்தேகப்பட்டு இல்லை. வராமலே "வந்தேன், ஆள் இல்லை" என்று எழுதுகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு, அதைத் தடுக்கத்தான். சீட்டும் இல்லை, படமும் இல்லை என்றால் டிரைவர் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வோம்.

அன்றே திரும்பி வரச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் தெருவை விட்டால் வண்டி எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கும், பாதி வழியில் திருப்ப முடியாது. பெட்டி இரவு கிளைக்குத் திரும்பும். மறுநாள் காலை உங்களுக்கு இதே மாதிரி புதிய நேரங்கள் வரும், மறுபடி ஓர் எண் அனுப்பலாம். இந்த இரண்டாவது முறைக்கும் காசு இல்லை.

இரண்டாவது முறையும் தவறினால் நாங்களாக மறுபடி கிளம்ப மாட்டோம். பெட்டி ஐந்து வேலை நாள் கிளையில் பத்திரமாக இருக்கும், அதற்கு வாடகை கிடையாது. அந்த ஐந்து நாளில் நீங்கள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். இல்லை, வீட்டுக்கே வேண்டும் என்றால் 80 ரூபாய் கட்டினால் மூன்றாவது முறை கொண்டு வருவோம். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருப்பதால் அந்தத் தொகை, சின்னப் பார்சல் என்றால் இவ்வளவு வராது. உதாரணத்துக்கு, இரண்டாவது முறை திங்கள் 8-ஆம் தேதி தவறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயிலிருந்து சனி 13 வரை பெட்டி இங்கே இருக்கும். அப்போதும் உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் 15-ஆம் தேதி திங்கள் கோவைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். திரும்பிப் போகிற வண்டிக் கூலி உங்கள் மகன் தலையில் விழும். அதனால் ஊருக்குப் போக வேண்டியிருந்தாலோ, உடம்பு சரியில்லை என்றாலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐந்து நாளைப் பத்து நாளாக்கித் தருகிறோம். சொல்லாமல் இருந்தால்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

தாமதம் எங்களுடையது என்றால் கணக்கு வேறு. நீங்கள் கேட்ட நேரத்துக்குள் நாங்கள் வரவில்லை என்றால் அது தவறவிட்டதாகவே சேராது. அடுத்த நாள் முதல் வண்டியில் உங்கள் பெட்டிதான் முதலில் இறங்கும். மழை கொட்டிச் சந்தில் தண்ணீர் நின்றாலும் அப்படித்தான். அட்டைப்பெட்டி நனைந்தால் உள்ளே மோட்டாருக்கு ஆகாது, அன்று வர மாட்டோம், முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

நீங்கள் வீட்டில் இருக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டிலோ கீழ் வீட்டிலோ கொடுக்கலாம். ஆனால் யார் வாங்கப்போகிறார்கள் என்று அவர் பெயரும் வீடும் எழுதி முன்னாலேயே எங்களுக்கு அனுப்ப வேண்டும். டிரைவர் வந்து நிற்கும்போது போனில் "அந்த அக்காகிட்ட குடுத்துடுங்க" என்றால் கொடுக்க மாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். திண்ணையிலோ மாடிப்படியிலோ வைத்துவிட்டும் போக மாட்டார். அனுப்பும் நாளில் உங்கள் எண்ணுக்கு நான்கு இலக்க ஓ.டி.பி. வரும். பெட்டி கைக்கு வந்து, பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் அவரிடம் அந்த நான்கு எண்ணையும் சொல்லி வையுங்கள். பெட்டி வராமலே ஓ.டி.பி. கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "முகவரி தவறாக இருக்கிறது, 5 ரூபாய் கட்டுங்கள்" என்று லிங்க் போட்டு ஏமாற்றுகிற செய்திகள் நிறைய வருகின்றன. நாங்கள் லிங்க் எதுவும் அனுப்புவதில்லை. மூன்றாவது முறைக்கான 80 ரூபாயைக்கூட ரசீது வாங்கிக்கொண்டு டிரைவர் கையில்தான் தர வேண்டும். அப்படி ஏதாவது லிங்க்கைத் தொட்டு, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு போன் செய்யுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண்.

பெட்டியை இரண்டாம் மாடிவரை தூக்கி வைப்பது எங்கள் வேலை, அதற்குத் தனிக்கூலி இல்லை. பையன்கள் டீக்காசு கேட்டால் இந்த எண்ணுக்கே சொல்லுங்கள். நீங்களாக ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கிரைண்டரில் கல் இருப்பதால், பெட்டியின் ஓரம் நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் டிரைவரின் தாளில் "ஓரம் நசுங்கியது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் வாங்கிவிட்டு மறுநாள் சொன்னால் நாங்கள் கோவைக்குப் பதில் சொல்லச் சிரமப்படுவோம்.

6-ஐத் தேர்ந்தெடுத்தால்: கிளை தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், காலை 10 முதல் மாலை 7 வரை. தேரடியிலிருந்து மெட்ரோவில் நான்காவது நிறுத்தம்தான். ஆனால் 12 கிலோவைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவது பெரியவர்களுக்கு ஆகாது, வருகிறவரை ஆட்டோவில் வரச் சொல்லுங்கள். வருபவர் பார்சல் எண்ணையும் அந்த ஓ.டி.பி.யையும் சொன்னால் போதும், கூடவே அவருடைய அடையாள அட்டை ஒன்று.

கடைசியாக முகவரியை ஒருமுறை சரி பாருங்கள். எங்களிடம் இருப்பது: பழைய எண் 7, புதிய எண் 15, இரண்டாம் மாடி, வடக்கு மாட வீதி சந்து, திருவொற்றியூர், சென்னை 600019. உங்கள் பக்கம் கதவில் பழைய எண்ணும் கேட்டில் புதிய எண்ணும் இருக்கிற வீடுகள் அதிகம், டிரைவர் பக்கத்து மாடிக்கு ஏறிவிடுவார். ஏதாவது அடையாளம், வாசலில் வேப்பமரமோ, கீழே கடையோ இருந்தால் எண்ணோடு சேர்த்து எழுதிவிடுங்கள். எழுத வராவிட்டால் குரல் பதிவாக அனுப்பினாலும் கேட்டுக்கொள்கிறோம்.

– கிளைப் பொறுப்பாளர், தண்டையார்பேட்டை