பெரியப்பாவுக்குத் தனியாக

பெரியப்பா, வணக்கம். பெரியம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறார்களா, இல்லை நாளையிலிருந்து நாளையிலிருந்து என்று தள்ளிக்கொண்டே போகிறார்களா?

காலையில் குழுவில் நீங்கள் போட்ட பக்கவாதச் செய்தியைப் படித்தேன். அதைப் பற்றி உங்களிடம் மட்டும் பேச வேண்டும் என்று தோன்றியது. அப்பத்தாவுக்குப் போன வாரம் பிரஷர் ஏறியதிலிருந்து நீங்கள் ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறீர்கள் என்று பெரியம்மா சொன்னார்கள். அந்தக் கவலையில்தான், நமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியட்டும் என்று அனுப்பியிருக்கிறீர்கள். அதில் நேரம் முக்கியம் என்று சொல்லியிருப்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்து, நினைவு திரும்பும்வரை ஆளை அசைக்காதே என்கிறதே, அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்துவிட்டது.

பெரும்பாலான பக்கவாதம் மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைப்பதால் வருகிறது. மூளையில் அடைப்பு இருக்கும்போது விரலில் நாலு சொட்டு ரத்தம் எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. வேண்டியது ஊசிதான், ஆனால் ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுகிற, கட்டியைக் கரைக்கிற ஊசி. பக்கவாதம் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். கசிவாக இருந்து அந்த ஊசியைப் போட்டால் விபரீதமாகிவிடும். ஆக, போகிற நேரம், ஸ்கேன் எடுக்கிற நேரம் எல்லாம் அந்த நாலரை மணிக்குள் அடங்க வேண்டும். மானாமதுரையிலிருந்து சிவகங்கைக்கோ மதுரைக்கோ கிளம்ப வேண்டிய நேரத்தில், விரலைக் குத்திவிட்டு உட்கார்ந்து காத்திருக்கச் சொல்கிறது இந்தச் செய்தி.

என்னிடம் இப்போது பிசியோதெரபிக்கு ஒருவர் வருகிறார். உங்கள் வயதுதான் இருக்கும். விடிகாலையில் வாய் கோணியிருக்கிறது. வீட்டில் பதறிப்போய் எண்ணெய் தேய்த்துவிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று மத்தியானம்வரை பார்த்திருக்கிறார்கள். அவ்வளவும் பாசம்தான், குறை சொல்ல முடியாது. இப்போது வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கியே இருக்கின்றன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் சட்டைப் பட்டனைப் பிடிக்கப் பழகுகிறார். ஒரு பட்டன் போட்டு முடிப்பதற்குள் வேர்த்துவிடுகிறது.

இந்த ஊசிச் செய்தி இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே, சீனப் பேராசிரியர் ஒருவர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஈமெயிலாகச் சுற்றியது. உங்களுக்கு வந்ததன் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறது பாருங்கள். பல கை மாறி வந்ததற்கு அதுதான் அடையாளம். சுகர் பார்க்க தினமும் விரலில் குத்துகிற வீடுகளில் இது நம்பும்படியாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. சிலருக்குச் சின்ன அடைப்பாக வந்து சில நிமிடங்களில் தானாகவே விலகிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது விரலைக் குத்தியிருந்தால், பேர் ஊசிக்குப் போய்விடும்! அப்படிச் சரியானவர்களுக்கும் அடுத்த சில நாட்களில் பெரிதாக வர வாய்ப்பு உண்டு என்பதால், அவர்களையும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன் பெரியப்பா. ஆனால் பரமக்குடி அத்தை அதற்குக் கீழே கும்பிடு போட்டு, தையல் ஊசி ஒன்றைச் சாமி மாடத்தில் எடுத்து வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அத்தை வீட்டில் மாமாவுக்கும் பிரஷர் இருக்கிறது. நான் குழுவில் ஏதாவது எழுதினால் சின்னப் பெண் சொல்கிறாள் என்று போய்விடும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை மறுபேச்சு பேசமாட்டார்கள். அதனால் உங்கள் பெயரிலேயே போடும்படி கீழே எழுதிவைத்திருக்கிறேன். உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அனைவருக்கும் வணக்கம். காலையில் நான் அனுப்பிய பக்கவாதச் செய்தி பற்றி, ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் பாப்பாவிடம் பேசினேன். விரலில் ஊசியால் குத்துவது பலன் தராது, அதனால் நேரம்தான் வீணாகும் என்று தெரிந்தது. அதை யாரும் செய்ய வேண்டாம். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒரு கை கீழே இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, இதில் ஒன்று இருந்தாலே போதும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். முழுங்க முடியாமல் புரை ஏறும் என்பதால் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரினும் ஸ்கேன் பார்க்கும் முன் கூடாது. வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சின்ன ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக ஏறி இறங்காமல், சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள். நம் பக்கம் சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அல்லது மதுரை பெரியாஸ்பத்திரி.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்."

கடைசி வரியை யாரை நினைத்து எழுதினேன் என்று உங்களுக்கே தெரியும். சித்தப்பாவிடம் நேராகச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். உங்கள் வாயிலாக, பொதுவாகப் போனால் காதில் ஏறும்.

பழைய செய்தியை அழிப்பதானால் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு, எல்லாருக்கும் அழி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்றைக்குப் போட்டதுதானே, அழியும். ஆனால் முதலில் மேலே உள்ளதைப் போட்டுவிட்டு அப்புறம் அழியுங்கள். வெறுமனே அழித்தால், அண்ணன் என்னமோ அழித்துவிட்டாரே என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். நான் எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.

அத்தைக்கு மட்டும் போனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் பெரியப்பா. காலையில் வணக்கம் போட்டுவிட்டு செல்லை வைத்தால், மறுபடி எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பாப்பா