கூரைக் கசிவை உடனடியாகச் சரிசெய்து தரக் கோருதல்

தாம்பரம்,
4-11-2024

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 15 முதல் பெய்துவரும் மழையில், மொட்டை மாடித் தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போன இடத்தின் வழியே நீர் இறங்கி, படுக்கையறைக் கூரையில் பூச்சு பெயர்ந்து விழுவதுடன், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் ஈரம் பரவியிருப்பதால், அவ்வறையின் மின்சாரத்தை நிறுத்தி வைத்துள்ளோம். (வாளி வைத்தே இரவுகள் கழிகின்றன.) இதைத் தொலைபேசியில் இருமுறை தெரிவித்தேன்.

1-6-2024 அன்று நாம் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு, கூரை, சுவர் முதலான கட்டுமானப் பழுதுகளை, எழுத்து மூலம் தெரிவித்த 15 நாட்களுக்குள் உரிமையாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளுமாதலால், அதுவரை காத்திராமல், இவ்வார இறுதிக்குள் கொத்தனாரை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முதல் மாடி வாடகைதாரர்